விட்ட வகுப்பை எங்கே பிடிப்பது? எட்டு மெஷின், மூன்று குழு, மூன்று வழி

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் நான் நடத்துவது புடவை ரவிக்கை தையல் வகுப்பு. பத்துப் பாடம், வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். கூடத்தில் எட்டு மெஷின் இருக்கிறது. செவ்வாய் காலை, வியாழன் மாலை, சனி காலை என்று மூன்று குழு. ஆக இருபத்து நான்கு பேர். ஒன்பதாவது மெஷின் வைக்க இடமும் இல்லை, சுவரில் பிளக்கும் இல்லை. ஒருவர் ஒரு நாள் வராமல் போனால் அந்தப் பாடத்தை அவருக்கு எப்போது, எந்த மெஷினில் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் நான் இரண்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். இங்கே எல்லோரும் அதை ‘ரத்ரப்பாஜ்’ என்பார்கள். நான் ஈடு வகுப்பு என்றே எழுதுகிறேன்.

இப்போது ஒரு தங்கை முறைப் பெண் கேக் அலங்கார வகுப்பு தொடங்கப் போகிறாள். “அக்கா, லீவு போட்டவங்களுக்கு நீங்க என்ன செய்யறீங்க?” என்று கேட்டாள். நேரில் பாதி சொன்னேன். மீதியைச் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, ஒவ்வொரு குழுவிலும் ஒரு மெஷினை விற்காமல் ஈடுக்காகவே காலியாக வைப்பது. இரண்டு, யாராவது வரவில்லை என்று முன்கூட்டிச் சொன்னால் அந்த மெஷினை வேறு குழுவில் விட்டவருக்குக் கொடுப்பது. மூன்று, ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒரு ஈடு அமர்வு வைப்பது. வீடியோ எடுத்து அனுப்புவதும் ஒரு வழிதான். அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பைப்பிங் எப்படி மடிப்பது என்று காட்ட வீடியோ போதும். கைக்குழியில் கையைப் பொருத்தும்போது துணி எங்கே இழுக்கிறது என்று பார்க்க ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு நான் பிரித்துப் போட்ட தையல்தான் அதிகம்.

வழிகளை ஒப்பிடும் முன் பாடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பாடமும் ஒரே எடை இல்லை. இரண்டாவது பாடம் காகிதத்தில் அளவு வரைவது. மூன்றாவது அதை வைத்துத் துணி வெட்டுவது. காகிதம் இல்லாமல் மூன்றாவதுக்கு வந்தால் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதான். நான்காவது டாட் பிடிப்பது, அதாவது வெட்டிய துணியை உடல் வடிவுக்கு மடித்துத் தைப்பது. துணி வெட்டாமல் இதற்கு வர முடியாது. டாட் முடியாமல் ஐந்தாவதில் முன் துண்டுக்கு ஹூக் பட்டி வைக்க முடியாது. ஏழாவது கை பொருத்துவது, எட்டாவது பக்கம் மூட்டிப் போட்டுப் பார்ப்பது. இதுவும் அப்படியே. ஆனால் ஆறாவது பாடமான கழுத்துப் பைப்பிங்கை ஒருவர் விட்டாலும் ஏழாவதுக்கு வரலாம், கழுத்தை அப்புறம் முடித்துக்கொள்ளலாம். ஆக 2, 3, 4, 7 நான்கும் வாசல் மாதிரி. அவற்றை விட்டவர் தன்னுடைய அடுத்த வகுப்புக்குள் ஈடு செய்தாக வேண்டும். மற்றவற்றை விட்டவர் காத்திருக்கலாம். இந்தப் பிரிவினை இல்லாமல் “யார் முதலில் கேட்டாரோ அவருக்கு” என்று கொடுத்தபோது, பைப்பிங்கை விட்டவர் மெஷினைப் பிடித்துக்கொண்டார், டாட் விட்டவர் வெளியே நின்றார்.

அந்த ஜனவரி

ஒப்பீட்டுக்கு 2024 தொடக்கத்தில் நடத்திய சுற்றை எடுத்துக்கொள்கிறேன். எல்லாத் தவறும் அதில்தான் நடந்தது. ஜனவரி 9 செவ்வாயன்று தொடங்கினோம். மூன்று குழுவும் ஒரே வாரத்தில் ஒரே பாடம் என்பது திட்டம். ஜனவரி 15 திங்கள் பெலால் புயல் வந்தது. போர்ட் லூயியில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். மறுநாள் செவ்வாய் வகுப்பை நிறுத்தினேன். அப்புறம் ஜனவரி 25 தைப்பூசக் காவடி, வியாழக்கிழமை. அடுத்த வியாழன் பிப்ரவரி 1, அடிமை முறை ஒழிப்பு நாள், அதுவும் விடுமுறை. பிப்ரவரி 10 சீன வசந்த விழா, சனிக்கிழமை. மார்ச் 12 தேசிய நாள், செவ்வாய். மொரீஷியஸில் வருடத் தொடக்கத்தில் வகுப்பு வைப்பவர்கள் காலண்டரைப் பார்க்காமல் தொடங்கினால் இதுதான் கதி. நான் பார்த்தேன், ஆனால் ‘ஒரு நாள் போனால் அடுத்த வாரம் தொடரலாம்’ என்று நினைத்தேன். அந்த நினைப்பின் விளைவு இது:

| பாடம் | செவ்வாய் குழு | வியாழன் குழு | சனி குழு |
|---|---|---|---|
| 2 (காகித வரைவு) | ஜனவரி 23 | ஜனவரி 18 | ஜனவரி 20 |
| 3 (வெட்டுதல்) | ஜனவரி 30 | பிப்ரவரி 8 | ஜனவரி 27 |
| 4 (டாட்) | பிப்ரவரி 6 | பிப்ரவரி 15 | பிப்ரவரி 3 |

இரண்டாவது பாடத்தில் செவ்வாய் கடைசி. நான்காவதில் வியாழன் கடைசி, சனி முதல். வரிசை மாறிக்கொண்டே இருந்தது, நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 6 டாட் வகுப்புக்குச் செவ்வாய் குழுவில் ஒரு பெண்மணி வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். அதே வாரம் வியாழன் குழுவில் ஒருவர் வரவில்லை என்று சொல்லியிருந்தார். சரி, பொருந்திவிட்டது என்று அந்த மெஷினை இவருக்குக் கொடுத்தேன். பிப்ரவரி 8 மாலை, பஸ் பிடித்து, வெட்டிய துண்டுகளை எல்லாம் குண்டூசி குத்திப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்து பார்த்தால் மற்ற ஏழு பேரும் மேசையில் காகிதத்தை விரித்துச் சுண்ணாம்புக் கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். “மிஸ், நான் போன வாரமே வெட்டிட்டேனே!” என்றார். வியாழன் குழு அன்றுதான் மூன்றாவது பாடத்தில் இருந்தது. ஒரு ஓரத்தில் உட்கார வைத்து டாட்டைப் பாதி காட்டினேன். வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அந்த நேரத்தில் முதுகுத் துண்டை மடிப்பில் வைக்காமல் வெட்டிவிட்டார். ஒருவருக்கு ஈடு செய்யப் போய் இன்னொருவருக்குத் துணி போனது.

அன்று கற்றது: முன்பதிவு வாரக் கணக்கில் இருக்கக் கூடாது, பாட எண்ணில் இருக்க வேண்டும். “வியாழக்கிழமை ஒரு இடம் இருக்கிறது” என்பது பாதிச் செய்தி. “வியாழக்கிழமை நான்காவது பாடத்தில் ஒரு இடம் இருக்கிறது” என்பதுதான் முழுச் செய்தி.

அந்தச் சுற்று முடிந்ததும் பதிவேட்டை எடுத்து எண்ணினேன். நாங்கள் நிறுத்திய வகுப்புகளைச் சேர்க்காமல், மாணவர்களாக வராமல் போனது 27 முறை. அதில் ஈடு வேண்டும் என்று கேட்டது 20. முந்தின நாள் இரவுக்குள் சொல்லிவிட்டு வராமல் இருந்தது 12 முறை, சொல்லாமல் இருந்தது 15. ஒப்பீடு முழுக்க இந்த நான்கு எண்ணை வைத்துத்தான்.

மெஷினைக் காலியாக வைப்பது

பார்க்க மிகவும் கௌரவமான வழி இதுதான். எட்டுக்கு ஏழு பேரை மட்டும் சேர்த்தால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மெஷின் எப்போதும் தயார். யாரையும் கெஞ்ச வேண்டாம், யார் வருகிறார்கள் என்று இரவு போன் பார்க்க வேண்டாம்.

கணக்குதான் உதைக்கிறது. என் கட்டணம் பத்து வகுப்புக்கு 4,000 ரூபாய். மூன்று குழுவிலும் ஒருவரைக் குறைத்தால் 12,000 ரூபாய் வராது. இருபத்தொரு பேர் என்றால் ஈடு கேட்பவர்களும் குறைவு, அதே விகிதத்தில் 17 அல்லது 18 இருக்கும். அப்படியானால் ஒரு ஈட்டுக்கு எனக்கு ஆகும் செலவு 700 ரூபாய் பக்கம். முழு வகுப்பையே 400 ரூபாய்க்கு விற்கிறேன். அந்த 12,000 ரூபாயைச் சேர்ந்திருப்பவர்கள் தலையில் போட்டால் ஆளுக்கு 570 ரூபாய் சொச்சம் கூடும், அதாவது ஒரு நாளும் தவறாமல் வருபவர் மற்றவர்கள் விடுப்புக்குப் பணம் கட்டுகிறார்.

அது கூடப் பரவாயில்லை. பெரிய குறை, ஈடு கேட்பவர்கள் சீராக வருவதில்லை, மொத்தமாக வருகிறார்கள். காவடி விரதம் நடக்கும்போது ஜனவரி 23 செவ்வாய் வகுப்பில் நான்கு பேர் இல்லை. நாலு பேருக்கும் ஒரே பாடம் வேண்டும். காலியாக வைத்த மெஷின் குழுவுக்கு ஒன்று. பத்து வாரத்தில் முப்பது இடம் ஒதுக்கி வைத்தும், வேண்டிய வாரத்தில் இரண்டுதான் கிடைக்கும், வேண்டாத வாரத்தில் மூன்றும் தூசி பிடிக்கும். அன்று அந்த இரண்டு கூடக் கிடைத்திருக்காது. பட்டியலைப் பாருங்கள்: வியாழனும் சனியும் இரண்டாவது பாடத்தை ஏற்கெனவே முடித்துவிட்டன. காலியாக மெஷின் இருந்து என்ன, அதில் சொல்லித்தர வேண்டிய பாடம் போய்விட்டது.

எனவே என் வகுப்புக்கு இது வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு குழு மட்டும் நடத்துகிறவர்களுக்கும் இது உதவாது, ஏனென்றால் அங்கே காலி மெஷினில் வந்து உட்கார வேறு குழுவே இல்லை. வருடம் முழுக்கத் தொடர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும் பெரிய இடங்களில், பாடங்கள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், இது ஓடும்.

விட்டுக்கொடுத்த மெஷின்

இதில் செலவே இல்லை. ஒருவர் வராத ஒவ்வொரு முறையும் ஒரு மெஷின் காலியாகிறது. ஈடு கேட்பவர்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும் என்று தோன்றும். என் கணக்கில் 27 காலி மெஷின், 20 கேட்பவர்கள். ஆனால் உண்மையில் இந்த வழியில் நான் இடம் கொடுத்தது ஏழு பேருக்குத்தான். மீதி எங்கே போனது?

சொல்லாமல் விட்ட 15 அப்படியே போனது. காலை ஒன்பதரைக்கு ஒரு மெஷின் காலியாக இருக்கிறது என்று ஒன்பதரைக்குத் தெரிந்தால் யாரை அழைப்பது? மீதி 12 இடத்தில் ஒன்று அந்த பிப்ரவரி 8 கூத்தில் வீணானது. நான்கு, பாட வரிசையில் முதலில் நடந்த குழுவில் காலியானவை. அந்தப் பாடத்தை இன்னும் யாரும் விடவே இல்லை என்பதால் கேட்க ஆள் இல்லை.

இந்த நான்கை நினைத்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பாட வரிசையில் பிந்தி வரும் குழுவில் காலியாகும் இடம், ஏற்கெனவே விட்டவருக்கு உதவும். முந்தி வரும் குழுவில் காலியாகும் இடம், இனிமேல் விடப்போகிறவருக்குத்தான் உதவும். சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று முன்னமே தெரிந்த சனி குழு ஆள், அதே வாரம் செவ்வாயே வந்து பாடத்தை முடித்துவிட்டுப் போகலாம். அவர் சனியில் விடும் மெஷின், செவ்வாயோ வியாழனோ காய்ச்சலில் விழுந்தவருக்குக் கிடைக்கும். ஒரே செய்தியில் இரண்டு பேர் கணக்கு தீர்கிறது. எங்கள் ஆட்கள் ஈடு என்றால் விட்ட பிறகு பிடிப்பது என்றே நினைக்கிறார்கள். ‘முன் ஈடு’ ஒன்று உண்டு என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த வழி ஓட வேண்டுமானால் சில விதிகள் கறாராக வேண்டும். வரமாட்டேன் என்று முந்தின இரவு எட்டு மணிக்குள் சொன்னவருக்குத்தான் ஈடு உரிமை உண்டு. நோய் வந்தால் மட்டும் விதிவிலக்கு. விட்டுக்கொடுத்த மெஷினைத் திரும்பக் கேட்க முடியாது. “கல்யாணம் தள்ளிப் போச்சு மிஸ், நான் வந்துடறேன்” என்றால், இடம் மீதி இருந்தால் வரலாம், இல்லையென்றால் இல்லை. ஈடுக்கு இடம் வாங்கிவிட்டு வராமல் போனால் அந்த ஈடு முடிந்தது, ஈடுக்கு ஈடு கிடையாது. ஒரு சுற்றில் ஒருவருக்கு இரண்டுதான்.

இடத்தை யாருக்கு அறிவிப்பது என்பதிலும் சூடு பட்டிருக்கிறேன். முதலில் வாட்ஸ்ஆப் குழுவில் “சனி ஒரு இடம்” என்று போடுவேன். ஒருவர் குழுவிலேயே கையைத் தூக்குவார், இன்னொருவர் எனக்குத் தனியாக எழுதுவார், நான் இருவருக்கும் கட்டைவிரல் காட்டிவிட்டுச் சமைக்கப் போய்விடுவேன். சனி காலை ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். இப்போது பட்டியலில் முதலில் இருப்பவருக்கு மட்டும் எழுதுகிறேன். வாசல் பாடத்தை விட்டவர் முதலில், அதற்குள் விட்ட தேதி வரிசை. மூன்று மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் அடுத்தவர். இது மெதுவான முறை. எட்டு மணிக் கெடுவே இதற்காகத்தான், ஆனால் இரவு எட்டுக்குக் காலியாகும் இடத்துக்கு மூன்று மணி நேரம் கொடுத்தால் தூங்கப் போய்விடுவார்கள். அதற்கு மட்டும் அரை மணி.

பதிவேடு கூகுள் விரிதாளில் இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு வகுப்பு. முதல் பத்தியில் பாடமும் நாளும் சேர்ந்த குறி, மூன்றாவதில் வருகிறாரா இல்லையா என்பது. நான்காவது பாடம் வியாழனில் எத்தனை மெஷின் மீதி என்று பார்க்க இது போதும்:

```
=8-COUNTIFS(A:A,"P4-THU",C:C,"IN")
```

வராதவர் வரியை அழிப்பதில்லை, `IN` என்பதை `OUT` என்று மாற்றுவேன். அழித்துவிட்டால் யார் எந்தப் பாடத்தை விட்டார் என்ற தடமே போய்விடும். விரிதாளை மாணவர்கள் பார்க்கலாம், எழுதுவது நான் மட்டும். எல்லோரும் எழுதலாம் என்று ஒருமுறை திறந்துவிட்டேன், இரண்டு பேர் ஒரே நேரத்தில் மீதி 1 என்று பார்த்து இருவரும் பெயர் போட்டுவிட்டார்கள். சூத்திரம் -1 என்று காட்டியது. தவறைக் காட்டியது, தடுக்கவில்லை. கூகுள் படிவமும் நாமாக வரம்பு வைக்காவிட்டால் எட்டில் நிற்காது, வருகிற பதிலை எல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும்.

ஞாயிறு அமர்வு

ஜனவரி 23-இல் விட்ட அந்த நான்கு பேருக்கு எந்தக் குழுவிலும் இடம் இல்லை, பாடமும் இல்லை, அடுத்த செவ்வாய் துணி வெட்ட வேண்டும். வேறு வழியில்லாமல் ஜனவரி 28 ஞாயிறு கூடத்தைத் திறந்தேன். வேறு குழுவிலிருந்து ஒருவரும் சேர்ந்து ஐந்து பேர் வந்தார்கள். நிம்மதியாக வரைந்துவிட்டுப் போனார்கள். அது பிடித்துப்போய், எட்டாவது பாடம் வியாழன் குழுவுக்கும் முடிந்த பிறகு மார்ச் 17 இன்னொரு ஞாயிறு வைத்தேன். ஆறு பேர் வந்தார்கள்.

செலவு, கூட வாடகை 1,000, என் கூலி என்று 1,500 போட்டுக்கொள்கிறேன். இரண்டு ஞாயிறுக்கும் 5,000 ரூபாய், வந்தது 11 பேர். ஒரு ஈட்டுக்கு 450 ரூபாய் சொச்சம். விட்டுக்கொடுத்த மெஷினில் ஏழு, ஞாயிறில் பதினொன்று, மொத்தம் 18. இரண்டு பேருக்குக் கடைசி வரை கொடுக்க முடியவில்லை. அவர்களுக்கு அடுத்த சுற்றில் அந்த ஒரு பாடத்துக்கு வரலாம் என்று சொல்லியிருந்தேன், ஒருவர்தான் வந்தார். இப்போது அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் அடுத்த சுற்று நிறைந்துவிட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன். ஈடு அந்தச் சுற்றோடு முடியும்.

ஞாயிறில் வருகிற எல்லோரும் ஒரே பாடம் செய்யமாட்டார்கள். மார்ச் 17 அன்று இரண்டு பேர் கை பொருத்தினார்கள், ஒருவர் டாட்டைப் பிரித்துத் திரும்பப் போட்டார், மூன்று பேர் பைப்பிங். தையலில் இது முடியும், ஆளுக்கு ஆள் தன் துணியில் வேலை செய்கிறார், நான் சுற்றி வருகிறேன். ஆனாலும் ஆறுக்கு மேல் என் கால் தாங்காது என்று அன்று தெரிந்தது. எட்டு மெஷின் இருந்தாலும் ஞாயிறுக்கு ஆறு இடம்தான் திறக்கிறேன். மெஷினின் எண்ணிக்கை வேறு, ஆசிரியரால் தாங்கக்கூடிய எண்ணிக்கை வேறு. கேக் வகுப்பில் இது இன்னும் இடிக்கும் என்று நினைக்கிறேன். ஒருவர் ஐசிங் அடிக்க, இன்னொருவர் கேக் சுட என்றால் ஒரே அடுப்பு எல்லோருக்கும் பதில் சொல்லாது. ஞாயிறு அமர்வுக்கு ஒரே பாடம் என்று அறிவித்துவிடுவது அங்கே நல்லது.

இந்த வழியின் பலவீனம் காத்திருப்பு. நான்காவது பாடத்தை விட்டவரிடம் “மார்ச் 17 வாருங்கள்” என்றால் அவர் நடுவில் ஐந்து வாரம் சும்மா உட்கார வேண்டும். ஆகவே தேதியை முன்னமே நிர்ணயிப்பதை விட, வாசல் பாடம் கடைசிக் குழுவில் முடிந்த உடனே வரும் ஞாயிறு என்று வைப்பது சரி. பத்துப் பாடத்தில் நான்கு வாசல், ஆக நான்கு ஞாயிறு வரை கையில் வைத்துக்கொள்கிறேன். மூன்று பேராவது பதியாவிட்டால் வெள்ளி இரவே ரத்து செய்து, அவர்களைத் தனித்தனியாகக் குழுக்களில் நுழைக்கப் பார்க்கிறேன்.

எதை எடுத்தேன்

விட்டுக்கொடுத்த மெஷின் முதலில், அதில் கிடைக்காதவருக்கு ஞாயிறு. காலி மெஷின் வைப்பதில்லை. ஆனால் இதோடு இன்னொரு மாற்றமும் செய்தேன், உண்மையில் அதுதான் அதிகம் உதவியது.

மூன்று குழுவும் ஒரே வாரத்தில் ஒரே பாடத்தில் இருந்தால் செவ்வாய் விட்டவருக்கு அதே வாரத்தில் இரண்டு வாய்ப்பு, வியாழன் விட்டவருக்கு ஒன்று. விடுமுறையால் ஒரு குழு ஒரு வாரம் பின்தங்கினால் இது கலைந்துவிடும். வேண்டுமென்றே வியாழன் குழுவை ஒரு வாரம் பிந்தித் தொடங்கினால் நல்லதோ என்று யோசித்தேன். சனி விட்டவர் அடுத்த வியாழன் பிடித்துக்கொள்ளலாமே என்று. காகிதத்தில் போட்டுப் பார்த்தால், சனிக்கு ஒரு வாய்ப்பு கூடும், செவ்வாய்க்கு ஒன்று குறையும், ஏனென்றால் அந்த வியாழன் வருவதற்குள் செவ்வாய் ஆளுக்கு அடுத்த பாடம் வந்துவிடும். வியாழனுக்கு ஒன்றுமே இருக்காது. மொத்தத்தில் நஷ்டம். பாடங்கள் ஒன்றையொன்று சாராத வகுப்பு என்றால் பிந்தித் தொடங்குவது நல்ல யோசனை. எனக்கு இல்லை.

எனவே விடுமுறையில் விழும் வகுப்பை இப்போது அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதில்லை. அதே வாரம் ஞாயிறுக்கு மாற்றுகிறேன். இது கூடுதல் செலவும் இல்லை, எப்படியும் நடத்த வேண்டிய வகுப்புதான், நாள்தான் மாறுகிறது. 2024-இல் இப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தேன். புயலில் போன செவ்வாய் வகுப்பு ஜனவரி 21 ஞாயிறு நடந்திருக்கும். ஜனவரி 23-இல் மூன்றாவது பாடம். விரதத்தில் இருந்த நான்கு பேரும் வெட்டும் பாடத்தை விட்டிருப்பார்கள். அதே பாடம் சனி 27-இல் ஒருமுறை, காவடிக்குப் பதிலாக வியாழன் குழு வரும் ஞாயிறு 28-இல் ஒருமுறை. ஞாயிறு விரதம் முடிந்து மூன்றாம் நாள், வியாழன் குழுவிலும் ஓரிருவர் களைப்பில் வரமாட்டார்கள். நான்கு பேருக்கும் இடம் கிடைத்திருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் கேட்கவாவது இடம் இருந்திருக்கும்.

பெரிய புயலில் மூன்று குழுவும் சேர்ந்து போனால் ஈடு என்ற பேச்சே இல்லை. எல்லோருக்கும் ஒரு வாரம் தள்ளிப் போகும், வரிசை கலையாது. கட்டணச் சீட்டில் கடைசித் தேதிக்குப் பிறகு ஒரு வாரத்தை அதற்காகவே எழுதி வைக்கிறேன்.

மீதி இருப்பது சனி குழு. ஒரே வாரம், ஒரே பாடம் என்றால் சனிதான் கடைசி. திடீரென்று வர முடியாமல் போனவருக்கு அங்கே ஞாயிறைத் தவிர எதுவும் இல்லை. அதனால் சேர்க்கும்போதே கேட்டுவிடுகிறேன்: உங்களுக்கு வர முடியாமல் போனால் அது எப்படித் தெரியவரும்? கல்யாணம், கோயில், வெளியூர்ப் பயணம் என்று முன்னமே தெரிந்து வராதவர்கள் சனிக்குப் போகட்டும், அவர்கள் செவ்வாயோ வியாழனோ முன் ஈடு செய்யலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்கள், விடிந்தால்தான் தெரியும் என்கிறவர்களைச் செவ்வாயில் போடுகிறேன். அவர்களில் பாதிப் பேருக்குச் செவ்வாய் காலை வேலை இருக்கிறது, வர முடியாது. அவர்களுக்கு வியாழன்.